64 பைட்டுக்கு ஒரே சொந்தக்காரர்

எண்ணிக்கை வைக்கும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு த்ரெட்கள் ஓடுகின்றன. ஒன்று `a` என்ற எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே போகிறது, மற்றது `b` என்ற எண்ணோடு. முதல் த்ரெட் `b` பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டாவதற்கு `a` என்று ஒன்று இருப்பதே தெரியாது.

```c
struct {
    atomic_long a;
    atomic_long b;
} count;

/* முதல் த்ரெட் */
for (long i = 0; i < 100000000; i++)
    atomic_fetch_add(&count.a, 1);

/* இரண்டாம் த்ரெட் */
for (long i = 0; i < 100000000; i++)
    atomic_fetch_add(&count.b, 1);
```

முதல் த்ரெட்டை மட்டும் தனியாக ஓட்டினால், பத்துக் கோடி தடவை கூட்டி முடிக்க இன்றைய மேசைக் கணினிக்கு ஒரு விநாடிகூட வேண்டியதில்லை. இரண்டையும் இரண்டு கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் அதே நேரம்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவரவர் வேலை அவரவருக்கு, ஒருவருக்காக இன்னொருவர் காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டுமே பல மடங்கு மெதுவாகிவிடுகின்றன. இன்னும் விசித்திரம் என்னவென்றால், இரண்டு த்ரெட்களையும் ஒரே கோரில் மாறி மாறி ஓடும்படி கட்டிப்போட்டால் வேலை பெரும்பாலும் சீக்கிரம் முடிகிறது. ஒரு கோர் செய்வதைவிட இரண்டு கோர்கள் சேர்ந்து குறைவாகச் செய்கின்றன.

நிரலை எத்தனை முறை வாசித்தாலும் காரணம் அகப்படாது, ஏனென்றால் அது நிரலில் இல்லை. `a`, `b` என்று நாம் பிரித்து வைத்த இரண்டு பெயர்களை ப்ராசஸர் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம்.

நகல்கள் வந்ததால் வந்த சிக்கல்

ப்ராசஸரின் வேகத்துக்கு ராம் ஈடுகொடுக்க முடியாது. ராமிலிருந்து ஒரு எண்ணைக் கொண்டுவர ஏறத்தாழ 80 முதல் 100 நானோவிநாடி ஆகிறது. அந்த இடைவெளியில் ஒரு கோர் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்திருக்கும். அதனால் ஒவ்வொரு கோரும் தன் பக்கத்திலேயே ஒரு சிறு நினைவகம் வைத்துக்கொண்டு, அடிக்கடி தொடுகிற தரவின் நகலை அதில் போட்டுவைக்கிறது. அதுதான் கேஷ். மிக நெருக்கமான முதல் நிலை கேஷில் இருப்பதை எடுக்க ஒரு நானோவிநாடி போதும்.

கேஷுக்குள் தரவு ஒற்றை ஒற்றை எண்ணாக வருவதில்லை, கட்டுக் கட்டாக வருகிறது. அந்தக் கட்டுக்குக் கேஷ் லைன் என்று பெயர். நம் மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் இருக்கிற இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களில் ஒரு லைன் 64 பைட். நம் `a` 8 பைட், `b` 8 பைட். அடுத்தடுத்து அறிவித்த இரண்டும் நினைவகத்திலும் அடுத்தடுத்தே உட்காருகின்றன. ஆகவே `a` கேட்டு ஒரு கோர் கை நீட்டினால் `b` உட்பட 64 பைட்டும் சேர்ந்தே வந்து இறங்கும்.

கோர் ஒன்றே ஒன்றாக இருந்தவரை இதில் தொந்தரவு இல்லை. இரண்டு கோர்கள், இரண்டு கேஷ்கள் என்று ஆனதும் ஒரே லைனுக்கு இரண்டு நகல்கள் வந்துவிட்டன. ஒரு கோர் தன் நகலில் 5-ஐ 6 ஆக்குகிறது. மற்றதன் நகலில் இன்னும் 5 இருக்கிறது. அது அந்தப் பழைய 5-ஐ நம்பி மேலே கணக்குப் போட்டால் எல்லாமே பாழ். இதைத் தடுக்கிற ஏற்பாட்டைத்தான் கேஷ் ஒத்திசைவு என்கிறோம். அதன் விதியை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு லைனை ஒரு நேரத்தில் பலர் படிக்கலாம், அல்லது ஒரே ஒருவர் எழுதலாம், இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது.

விதியில் வருகிற சொல் 'லைன்' என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'எண்' என்றோ 'மாறி' என்றோ அது சொல்லவில்லை. மேலே பார்த்த நிரலின் துயரம் முழுக்க அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நான்கு நிலைகள்

இந்த விதியை எந்த நிரலும் காப்பாற்றுவதில்லை. வன்பொருளே காப்பாற்றுகிறது. ஒவ்வொரு கேஷும் தன்னிடம் உள்ள ஒவ்வொரு லைனுக்கும் ஒரு நிலையைக் குறித்து வைத்திருக்கும். பரவலாக வழங்கும் முறையில் நான்கு நிலைகள் உண்டு. அவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'மெசி' என்று அழைக்கிறார்கள்.

கடைசி நிலையிலிருந்து தொடங்குவது எளிது. 'இன்வேலிட்', அதாவது செல்லாதது: லைன் என்னிடம் இல்லை, அல்லது இருந்தது இனி செல்லுபடியாகாது. 'ஷேர்ட்', பகிர்வு: என்னிடம் நல்ல நகல் இருக்கிறது, மற்றவர்களிடமும் இருக்கலாம், படிக்கலாம், எழுதக் கூடாது. 'எக்ஸ்க்ளூசிவ்', தனி நகல்: என்னிடம் மட்டுமே இருக்கிறது, இன்னும் மாற்றவில்லை, ராமில் உள்ளதும் இதுவும் ஒன்றே. 'மாடிஃபைட்', மாற்றியது: என்னிடம் மட்டுமே இருக்கிறது, மாற்றியும்விட்டேன், ராமில் இருப்பது பழசு, உண்மையான மதிப்பு உலகத்திலேயே என்னிடம்தான் இருக்கிறது.

ஒரு கோர் பகிர்வு நிலையில் உள்ள லைனில் எழுத விரும்பினால் முதலில் மற்ற கேஷ்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்: 'இந்த லைனை நான் எழுதப்போகிறேன், உங்கள் நகல்களைச் செல்லாததாக்குங்கள்.' அவர்கள் அப்படியே செய்து பதில் அனுப்பிய பிறகுதான் லைன் இவரிடம் 'மாற்றியது' நிலைக்குப் போகும். லைனே கையில் இல்லையென்றால், 'தரவையும் கொடுங்கள், எழுதும் உரிமையையும் கொடுங்கள்' என்று இரண்டையும் ஒரே கோரிக்கையில் கேட்கும். மற்றவர்களின் நகலை ஒழித்துவிட்டு எழுதுவதால் இந்த வகை முறைகளுக்கு இன்வேலிடேஷன் முறைகள் என்று பெயர்.

மற்றவர் நகலை ஏன் ஒழிக்க வேண்டும், புதிய மதிப்பையே அவர்களுக்கு அனுப்பிவிடலாமே என்று தோன்றும். அப்படியும் செய்து பார்த்தார்கள். ஸெராக்ஸ் நிறுவனத்தின் டிராகன், டெக் நிறுவனத்தின் ஃபயர்ஃபிளை என 1980-களின் இயந்திரங்கள் அந்த வழியில் போனவை. ஆனால் நிரல்கள் எழுதும் விதத்தைக் கவனித்தால், ஒரு கோர் ஒரு லைனில் எழுதத் தொடங்கினால் அதே லைனில் தொடர்ந்து பல தடவை எழுதுவதே அதிகம். ஒவ்வொரு தடவையும் புது மதிப்பை எல்லோருக்கும் அனுப்புவது, யாரும் படிக்காத கடிதங்களை அச்சடித்து விநியோகிப்பது போலாகிவிடும். ஒரே ஒரு முறை 'செல்லாது' என்று சொல்லிவிட்டால், பிறகு எத்தனை தடவை எழுதினாலும் வெளியே மூச்சுக் காட்ட வேண்டியதில்லை. இன்வேலிடேஷன் வென்றதற்கு அதுவே காரணம்.

நான்கில் எனக்குப் பிடித்தது 'தனி நகல்' நிலை. அது இல்லாமலும் காலம் தள்ளலாம். படிப்பதற்கு ஒரு நிலை, எழுதுவதற்கு ஒரு நிலை, செல்லாததற்கு ஒன்று என்று மூன்றே போதும், விதி மீறப்படாது. ஆனால் நிரல்கள் தொடுகிற தரவில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டுக்கு மட்டும் சொந்தமானது. அது முதலில் படிக்கும், கொஞ்ச நேரத்தில் எழுதும். மூன்று நிலை முறையில் ஒவ்வொரு முறையும் 'யாரிடமாவது நகல் இருக்கிறதா, ஒழித்துவிடுங்கள்' என்று வெட்டவெளியைப் பார்த்துக் கத்த வேண்டியிருக்கும். தனி நகல் நிலை அந்தக் கத்தலை மிச்சப்படுத்துகிறது. படிக்கும்போதே வேறு யாரிடமும் நகல் இல்லை என்று தெரிந்துவிட்டதால், எழுதும்போது யாரையும் கேட்காமல் அமைதியாக 'மாற்றியது' நிலைக்குப் போய்விடலாம்.

ஜேம்ஸ் குட்மன் 1983-இல் இதற்கு முந்திய வடிவம் ஒன்றை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு கேஷும் பொதுவான பஸ்ஸை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது தன்னிடமுள்ள லைனைப் பற்றிப் பேசினால் உடனே தன் நிலையை மாற்றிக்கொள்ளும். அடுத்த ஆண்டே, 1984-இல், இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்க் பாப்பாமார்க்கோஸும் ஜனக் பட்டேலும் தனி நகல் நிலையைக் கொண்ட முறையை முன்வைத்தார்கள். மெசியை இன்றும் இல்லினாய்ஸ் முறை என்று சொல்பவர்கள் உண்டு. 1993-இல் வந்த இன்டெல் பென்டியம் இந்த நான்கு நிலைகளோடுதான் வந்தது.

பிறகு அவரவர் வசதிக்கு ஒரு நிலையைக் கூட்டிக்கொண்டார்கள். மெசியில், மாற்றிய லைனை இன்னொருவர் படிக்கக் கேட்டால் ராமிலும் எழுதிவைக்க வேண்டும். ஏஎம்டி சேர்த்த ஐந்தாவது நிலை அந்த எழுதும் வேலையைத் தள்ளிப்போட உதவுகிறது. இன்டெல் சேர்த்தது வேறு: பகிர்வில் பலர் இருக்கும்போது, கேட்பவருக்கு யார் பதில் சொல்வது என்பதை அது தீர்மானிக்கிறது. கோர்கள் கூடக் கூட எல்லோரும் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பதும் கட்டுப்படியாகாமல் போனது. எந்த லைன் எந்தெந்தக் கோரிடம் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்து, சம்பந்தப்பட்டவர்களிடம் மட்டும் பேசுவது பெரிய சர்வர்களில் வழக்கமானது. இந்தப் பதிவேட்டு யோசனைக்கு வயது அதிகம், 1978-லேயே அது எழுத்தில் வந்துவிட்டது. இவையெல்லாம் செய்தி போகிற பாதையை மாற்றினவே தவிர, எழுதுபவர் ஒருவரே என்ற விதியைத் தொடவில்லை.

ஒரு லைன் படும் பாடு

இப்போது நம் நிரலுக்குத் திரும்பி, அந்த 64 பைட்டைப் பின்தொடர்வோம். முதல் த்ரெட் 0-ஆம் கோரிலும் இரண்டாவது 1-ஆம் கோரிலும் ஓடுகிறது. தொடக்கத்தில் இருவரிடமும் லைன் இல்லை, இரண்டு இடத்திலும் 'செல்லாதது'.

0-ஆம் கோர் `a`-வோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். எழுதும் உரிமையோடு லைனைக் கேட்கிறது. யாரிடமும் இல்லாததால் ராமிலிருந்து வருகிறது. கூட்டி எழுதியதும் நிலை 'மாற்றியது'. தனியாக ஓடும்போது கதை இத்தோடு முடிந்துவிடும். மீதிப் பத்துக் கோடி கூட்டல்களும் தன் கேஷுக்குள்ளேயே நடக்கும், வெளியே ஒரு செய்திகூடப் போகாது.

ஆனால் இப்போது 1-ஆம் கோருக்கு `b` வேண்டும். `b` இருப்பதும் அதே லைன். அதுவும் எழுதும் உரிமை கேட்கிறது. கோரிக்கை 0-ஆம் கோரின் கேஷைப் போய்ச் சேருகிறது. உண்மையான மதிப்பு அங்கே மட்டும்தான் இருக்கிறது, எனவே அது 64 பைட்டையும் கொடுத்துவிட்டுத் தன் நகலைச் 'செல்லாதது' ஆக்கிக்கொள்கிறது. 1-ஆம் கோர் `b`-யோடு ஒன்றைக் கூட்டுகிறது. நிலை அங்கே 'மாற்றியது'.

அடுத்த நொடிப்பொழுதில் 0-ஆம் கோருக்கு மறுபடி `a` வேண்டும். அந்த `a`-வை யாரும் தொடவில்லை, அது எழுதிய மதிப்பே இன்னும் இருக்கிறது. ஆனாலும் அதன் நகல் செல்லாது. மறுபடி கேட்க வேண்டும், 1-ஆம் கோர் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும். பிறகு 1-ஆம் கோர் கேட்கும். இப்படி லைன் இங்கும் அங்குமாகப் பறந்துகொண்டே இருக்கிறது.

சில சமயம் லைன் கையில் இருக்கிற சற்று நேரத்தில் ஒரு கோர் பல கூட்டல்களை முடித்துவிடும், சில சமயம் ஒன்றே ஒன்று. அதனால்தான் இந்தச் சோதனையை ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு நேரம் வரும். ஒரே சிப்பில் உள்ள இரண்டு கோர்களுக்கிடையே லைன் மாற, ஏற்பாட்டைப் பொறுத்துச் சில பத்து நானோவிநாடிகள் ஆகும். ஒரே மதர்போர்டில் இரண்டு தனித்தனி சிப்கள் உள்ள சர்வரில், இந்தச் சிப்பிலிருந்து அந்தச் சிப்புக்குப் போக நூறையும் தாண்டும். கேஷுக்குள்ளே ஐந்து நானோவிநாடியில் முடிகிற கூட்டலுக்கு இவ்வளவு வண்டிக்கூலி.

இதைக் கூட்டுப் பட்டாவோடு ஒப்பிடலாம். அண்ணன் நிலம் கிழக்கே, தம்பி நிலம் மேற்கே, நடுவே வரப்பும் இருக்கிறது. ஆனால் பட்டா ஒன்றே. அண்ணன் தன் பங்கில் ஏதாவது செய்ய நினைத்தாலும் தம்பியைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இருவருக்கும் சண்டை எதுவும் இல்லை, தாள் ஒன்றாக இருப்பதுதான் தொல்லை. இந்த நிலைமைக்குத் துறையில் 'ஃபால்ஸ் ஷேரிங்' என்று பெயர். உண்மையில் எதையும் பகிராதவர்கள் பகிர்வதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது

இந்த நோயின் மோசமான குணம், அது தப்பான விடை தருவதில்லை. `a` சரியாகப் பத்துக் கோடி, `b` சரியாகப் பத்துக் கோடி. ஒத்திசைவு தன் கடமையைச் செய்திருக்கிறது. வேலைப்பளு காட்டும் திரையிலும் இரண்டு கோர்களும் 100 சதவீதம் ஓடுவதாகவே தெரியும், ஏனென்றால் லைனுக்காகக் காத்து நிற்பதையும் இயங்குதளம் 'வேலை' என்றே எண்ணுகிறது. பார்ப்பவருக்கு, ப்ராசஸர் போதவில்லை, இன்னும் கோர்கள் வாங்க வேண்டும் என்று தோன்றும். வாங்கினால் இன்னும் மெதுவாகும்.

அதைவிடக் குழப்பம், நோய் வந்துவந்து போகும். நிரலில் சம்பந்தமில்லாத ஒரு இடத்தில் ஒரு மாறியைச் சேர்த்தால் நினைவக அமைப்பு எட்டு பைட் நகரும். அதுவரை ஒரே லைனில் இருந்த இரண்டு எண்கள் தற்செயலாக இரண்டு லைன்களுக்குப் பிரிந்துவிடும். வேகம் திடீரென்று கூடும். அடுத்த மாற்றத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளும். நேற்றுச் சேர்த்த வரியில் குற்றம் தேடி நாள்கணக்கில் அலைகிற குழுக்கள் உண்டு.

முதல் சோதனை எளிது. த்ரெட்களை ஒரே கோரில் கட்டி ஓட்டிப் பாருங்கள்:

```
taskset -c 0 ./counter
```

வேகம் கூடினாலோ, குறையவே இல்லை என்றாலோ, த்ரெட்கள் ஏதோ ஒரு லைனுக்காக இழுபறி செய்கின்றன என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இயங்குதளம் காட்டும் இரண்டு கோர்கள் சில சமயம் ஒரே உண்மையான கோரின் இரண்டு முகங்களாக இருக்கும். அவை ஒரே கேஷைப் பயன்படுத்துவதால் அங்கே லைன் பறக்காது, நோய் ஒளிந்துகொள்ளும். உண்மையிலேயே வேறு வேறு கோர்களில் ஓட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

உறுதி செய்ய லினக்ஸில் இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது:

```
perf c2c record ./counter
perf c2c report
```

ஒரு கோர் படிக்கப் போன லைன், இன்னொரு கோரின் கேஷில் 'மாற்றியது' நிலையில் இருந்த சம்பவங்களை ப்ராசஸரே மாதிரி எடுத்துக் குறித்துத் தரும். அறிக்கையில் அது `HITM` என்ற தலைப்பில் வரும். அந்த எண்ணிக்கை அதிகமாக உள்ள லைன் முதலில் நிற்கும். அதன் கீழே, லைனுக்குள் எந்த இடத்தை எந்த வரியிலிருந்து எந்தக் கோர் தொட்டது என்ற விவரம் இருக்கும். நம் நிரலில் ஒரு கோர் `0x0` என்ற இடத்தையும் மற்றது `0x8` என்ற இடத்தையும் தொட்டதாகத் தெரியும். ஒரே லைன், வேறு இடங்கள், வேறு கோர்கள்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஃபால்ஸ் ஷேரிங்தான். இருவரும் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் அது நிஜமான பகிர்வு, மருந்து வேறு.

நம் நோய்க்கு மருந்து இரண்டு சொற்கள்தான். பட்டாவைப் பிரிக்க வேண்டும்.

```c
struct {
    _Alignas(64) atomic_long a;
    _Alignas(64) atomic_long b;
} count;
```

இனி `a` ஒரு லைனின் தொடக்கத்தில், `b` அடுத்த லைனின் தொடக்கத்தில். 0-ஆம் கோர் முதல் லைனை ஒருமுறை வாங்கி 'மாற்றியது' நிலையில் வைத்துக்கொள்கிறது, கடைசிவரை யாரும் கேட்பதில்லை. இரண்டு த்ரெட்களும் தனியாக ஓடிய வேகத்தில் ஓடும். விலை, ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் 56 பைட் வெறுமனே கிடக்கும். இரண்டு எண்களுக்கு அது ஒன்றுமில்லை. பல லட்சம் பொருள்கள் ஒவ்வொன்றிலும் இப்படிச் செய்தால் கேஷே நிரம்பி வழிந்து, சரிசெய்யப்போய் இன்னொரு மெதுவை வாங்கிக்கொள்வோம். பல த்ரெட்கள் ஓயாமல் எழுதுகிற சில இடங்களுக்கு மட்டுமே இது பொருந்தும்.

எல்லோரும் உண்மையிலேயே ஒரே எண்ணைக் கூட்டுகிறார்கள் என்றால், எத்தனை பைட் இடைவெளி விட்டும் பயனில்லை. அங்கே எண்ணையே உடைக்க வேண்டும். ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக ஒரு எண்ணிக்கை, மொத்தம் தேவைப்படும்போது எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வது. லினக்ஸ் கெர்னல் தன் புள்ளிவிவரங்கள் பலவற்றை இப்படித்தான் வைத்திருக்கிறது. ஜாவாவின் `LongAdder` செய்வதும் ஏறத்தாழ இதுவே. கூட்டிக்கொண்டிருக்கும்போதே எண்கள் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், கிடைக்கும் மொத்தம் எந்த ஒரு கணத்துக்கும் துல்லியமாக இருக்காது. பார்வையாளர் எண்ணிக்கைக்கு அது போதும், வங்கி இருப்புக்குப் போதாது.

ஒத்திசைவு எதற்குப் பொறுப்பல்ல

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தைச் சொல்லியாக வேண்டும். 'என் கோர் எழுதியது கேஷில் மாட்டிக்கொண்டது, அதனால்தான் மற்ற த்ரெட்டுக்குத் தெரியவில்லை' என்று அனுபவமுள்ள பொறியாளர்களே சொல்வதைக் கேட்கலாம். மேலே சொன்ன நான்கு நிலைகளை நம்பினால் இது நடக்கவே முடியாது. கேஷுக்குள் எழுதியது போய்ச் சேர்ந்தபோதே மற்றவர்களின் பழைய நகல்கள் ஒழிந்துவிட்டன. பழையதைப் படிக்க இடமே இல்லை.

தாமதம் வேறு இடத்தில் இருக்கிறது. எழுதும் உரிமை வரும்வரை கோர் சும்மா நிற்காது. எழுத வேண்டியதை ஸ்டோர் பஃபர் என்ற சிறு வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். அந்த வரிசை கேஷுக்கு முன்னால் இருப்பது, ஒத்திசைவின் கண்ணுக்குப் படாதது. இதனால் இரண்டு வேறு வேறு இடங்களில் நடந்த எழுத்துகளும் படிப்புகளும் வரிசை மாறித் தெரியலாம். ஒரே இடத்தைப் பற்றி எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள் என்பது மட்டுமே ஒத்திசைவு தரும் வாக்கு. பல இடங்களின் வரிசையைக் காக்க, நிரலர்தான் அடாமிக் செயல்களையும் ஃபென்ஸ் கட்டளைகளையும் போட வேண்டும்.

லைனின் நீளம் மாறினால்

64 என்ற எண்ணை நாம் மிகவும் நம்பிவிட்டோம். லினக்ஸில் `getconf LEVEL1_DCACHE_LINESIZE` என்று கேட்டால் பெரும்பாலான மேசைக் கணினிகள் அதையே சொல்லும். ஆனால் ஆப்பிளின் எம்1 சிப்பில் லைன் 128 பைட். அங்கே மேலே போட்ட `_Alignas(64)` மறுபடி இரண்டு எண்களையும் ஒரே லைனில் சேர்த்துவிடக்கூடும். அங்கும் போவது வேகம்தான், விடை கெடாது. விடையே கெட்ட ஒரு சம்பவம் 2016-இல் நடந்தது.

சி# நிரல்களை ஃபோனில் ஓட்டும் மோனோ என்ற ரன்டைம் உண்டு. நிரல் ஓடும்போதே அது இயந்திரக் கட்டளைகளைத் தயாரித்து நினைவகத்தில் எழுதும். ஆர்ம் ப்ராசஸர்களில் தரவுக்கான கேஷும் கட்டளைக்கான கேஷும் தனித்தனி. அந்த இரண்டுக்கும் இடையே வன்பொருள் தானாக ஒத்திசைவு காப்பதாக நம்பக் கூடாது என்பது அங்குள்ள விதி. புதிய கட்டளைகளை எழுதிய நிரலே, அந்த நினைவகப் பகுதியில் லைன் லைனாக நடந்து, பழைய கட்டளை நகல்களைச் செல்லாததாக்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு அடி. எனவே லைனின் நீளம் தெரிந்தாக வேண்டும். ப்ராசஸரைக் கேட்டால் சொல்லும். இதற்கான நூலகக் குறிமுறை ஒரே ஒரு முறை கேட்டு, விடையை எப்போதைக்குமாக நினைவில் வைத்துக்கொண்டது. லைன் நீளம் நடுவழியில் மாறும் என்று யார் நினைப்பார்கள்?

சாம்சங்கின் எக்ஸினோஸ் 8890 சிப்பில் அது மாறியது. அதில் பெரிய கோர்கள் நான்கு, சிறிய கோர்கள் நான்கு. பெரிய கோர்களின் லைன் 128 பைட், சிறியவற்றின் லைன் 64. இயங்குதளம் தேவைக்கேற்ப ஒரு த்ரெட்டைப் பெரிய கோரிலிருந்து சிறியதுக்கும் அங்கிருந்து இங்கும் மாற்றும். கேள்வி கேட்ட கணத்தில் த்ரெட் பெரிய கோரில் இருந்திருந்தால் கிடைத்த விடை 128. பிறகு அதே த்ரெட் சிறிய கோருக்கு வந்து, 128 பைட்டுக்கு ஒரு அடியாக நடந்தால் ஒன்றுவிட்டு ஒரு லைன் விடுபட்டுப்போகும். விடுபட்ட லைன்களில் பழைய கட்டளைகள் அப்படியே இருக்கும். கோர் அவற்றை எடுத்து ஓட்டும். செயலி விழும்.

விழுந்த பிறகு நினைவகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குச் சரியான கட்டளைகளே தெரிந்தன, ஏனென்றால் அவர்கள் பார்த்தது தரவு கேஷ் வழியாக. கட்டளை கேஷில் இருந்த பழசு யார் கண்ணுக்கும் படவில்லை. துப்பு கிடைத்தது விழுந்த முகவரிகளைப் பட்டியலிட்டபோது. அவை எல்லாம் `0x40` முதல் `0x7f` வரையிலோ, `0xc0` முதல் `0xff` வரையிலோ முடிந்தன. அதாவது ஒவ்வொரு 128 பைட்டின் இரண்டாவது பாதியில் மட்டும். முதல் பாதியில் ஒன்றுகூட இல்லை.

மோனோ குழு செய்த திருத்தம், இதுவரை சொல்லப்பட்ட நீளங்களில் மிகச் சிறியதையே அடியாக வைத்து நடப்பது. 64 பைட்டுக்கு ஒரு அடி வைத்தால், பெரிய கோரில் ஒரே லைனை இரண்டு தடவை செல்லாததாக்குவோம். அதில் கொஞ்சம் நேரம் வீணாகும், எந்த லைனும் விடுபடாது. லினக்ஸ் கெர்னலும் பின்னர் இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. கோர்களின் லைன் நீளங்கள் ஒத்துப்போகாத ஆர்ம் கணினியில், லைன் நீளம் என்ன என்று ப்ராசஸரைக் கேட்கும் கட்டளையைக் கெர்னல் இடைமறித்து, எந்தக் கோரில் ஓடும் நிரலுக்கும் பாதுகாப்பான ஒரே விடையைத் தருகிறது.